வந்துச்சு எப்படி வந்தது?

பேருந்து நிறுத்தத்தில் ஒரு நாள் காதில் விழுந்த பேச்சு இது. மூச்சிரைக்க ஓடிவந்த பெண் ஒருத்தி, நிழலில் நின்றிருந்த பூக்காரம்மாவிடம் கேட்டாள்: "அக்கா, பஸ் வந்துச்சா?" அவர் கையிலிருந்த நாரை விடாமலே பதில் சொன்னார்: "இப்பதாம்மா வந்துச்சு, போச்சு. நீ வந்தது எனக்குத் தெரியலையே. தெரிஞ்சிருந்தா நான் நிப்பாட்டச் சொல்லியிருப்பேன்ல."

யாரும் நின்று கவனிக்கத் தேவையில்லாத பேச்சுதான். ஆனால் தமிழ் எப்படி மாறிவந்தது என்று கேட்பவருக்கு அந்த நாலு வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. பஸ் "வந்துச்சு" என்றவர், அடுத்த மூச்சிலேயே "நீ வந்தது" என்றார். "நீ வந்துச்சு எனக்குத் தெரியலை" என்று அவர் சொல்லவில்லை. நாமும் சொல்லமாட்டோம். பள்ளியில் யாரும் இதைக் கற்றுத்தரவில்லை, இருந்தும் ஒருவரும் தவறுவதில்லை.

முதலில் "போச்சு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பழைய எழுத்துத்தமிழில் இது போயிற்று. ஆயிற்று என்பது ஆச்சு ஆனதுபோல இதுவும் ஆனது. படித்து என்பது படிச்சு ஆவதும் அடித்து என்பது அடிச்சு ஆவதும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். இகரத்தை அடுத்து வரும் வல்லொலி, நாக்கு மேலண்ணத்தை நோக்கி எழும்புவதால் சகரமாகிறது. இது முழுக்க வாயின் வேலை. ஓடிற்று, பேசிற்று போன்ற வினைகளும் இதே பாதையில் ஓடிச்சு, பேசிச்சு என்று ஆயின.

ஆனால் வந்துச்சு இந்த வழியில் வந்திருக்க முடியாது. அதன் பழைய வடிவம் வந்தது. அதில் இற்று இல்லை, இகரமும் இல்லை. எந்த ஒலி மாற்றத்தாலும் வந்தது என்பதை வந்துச்சு ஆக்க முடியாது. அப்படியானால் அந்த ச்சு எங்கிருந்து வந்தது?

பேசுகிறவர் மனத்தில் நடந்ததைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஓடிற்று என்ற வடிவம் ஓடிச்சு ஆனதும், உள்ளே இருந்த இற்று காதுக்கு மறைந்துபோயிற்று. புதிதாகக் கேட்டு வளரும் குழந்தைக்கு அது "ஓடி" என்ற வினையெச்சத்தோடு "ச்சு" சேர்ந்ததாகத்தான் கேட்கும். பேசி, பேசிச்சு. பாடி, பாடிச்சு. அஃறிணை இறந்தகாலம் என்றால் வினையெச்சத்தோடு ச்சு என்ற கணக்கு மனத்தில் பதிகிறது. பிறகு வந்து, பார்த்து, இருந்து என்ற எச்சங்களுக்கும் அதே கணக்கைப் போட்டால் வந்துச்சு, பார்த்துச்சு, இருந்துச்சு.

எழுதிக்காட்டினால் ஒரு விகிதக் கணக்கு:

ஓடி : ஓடிச்சு = வந்து : ?

ஜெர்மானிய மொழியியலாளர் ஹெர்மன் பவுல் 1880-இல் வெளியிட்ட நூலில், மொழி மாற்றத்தின் பெரும்பகுதியை இந்த நாலு உறுப்புக் கணக்கைக் கொண்டுதான் விளக்கினார். மூன்று உறுப்புகள் தெரியும், நான்காவதைப் பேசுகிறவர் தாமே கண்டுபிடிக்கிறார். இதற்கு ஒப்புமையாக்கம் என்று பெயர். ஒரு சில சொற்களுக்கு மட்டும் உரிய வடிவம், அது இல்லாத பிற சொற்களுக்கும் பரவுவது ஒப்புமையின் ஒரு வகை. அதை நீட்சி என்போம். "நாய் கடிச்சுச்சு" என்ற தொடரில் இரண்டு ச்சு இருக்கின்றன. முதல் ச்சு, கடித்து என்பது கடிச்சு ஆனபோது வாய் கொடுத்தது. இரண்டாவது ச்சு, ஓடிச்சுவைப் பார்த்து மனம் சேர்த்தது. ஒரே சொல்லில் இரண்டு வேலையும் பக்கம் பக்கமாக நிற்கின்றன.

இனிப் பூக்காரம்மாவின் "நீ வந்தது" என்ற தொடருக்கு வரலாம். "பஸ் வந்தது" என்பதில் வந்தது வினைமுற்று. "நீ வந்தது எனக்குத் தெரியலை" என்பதில் அது பெயர். வருகை என்ற பொருளில் நிற்கிறது. இரண்டுக்கும் ஒலியில் ஓர் இம்மிகூட வேறுபாடில்லை. வாய்தான் இந்த மாற்றத்தைச் செய்திருந்தால் இரண்டும் சேர்ந்தே மாறியிருக்க வேண்டும், ஏனென்றால் வாய்க்கு வினையும் தெரியாது, பெயரும் தெரியாது. வினைமுற்று மட்டும் மாறிப் பெயர் அப்படியே இருப்பதால், இது இலக்கணம் அறிந்த மனத்தின் வேலை என்று தெரிகிறது. ஒலி மாற்றமா, ஒப்புமையா என்று பிரித்தறிய இதைவிடத் தெளிவான சோதனை கிடைப்பது அரிது.

நீட்சிக்கு எல்லையும் உண்டு. நிகழ்காலத்தில் பஸ் "வருது" என்றே சொல்கிறோம், வருச்சு என்பதில்லை. இற்று இறந்தகாலத்துக்கு மட்டுமே உரிய ஈறாக இருந்ததால், அதன் வாரிசான ச்சுவும் அந்த வேலியைத் தாண்டவில்லை. எல்லா ஊர்களிலும் அது வென்றுவிடவும் இல்லை. "வந்துது" என்று பேசும் வட்டாரங்களும் உண்டு.

எழுத்துத்தமிழில் இதே போட்டி நேர் எதிராக முடிந்திருக்கிறது. அங்கே இற்று தோற்றது, அது வென்றது. ஓடிற்று, பேசிற்று என்று இன்று எழுதுபவர் சிலரே. ஓடியது, பேசியது என்பதே வழக்கு. போயிற்று இருந்த இடத்தில் போனது. ஆக, ஒரே வேலைக்கு இரண்டு ஈறுகள் இருந்தன. பேச்சு ஒன்றைத் தேர்ந்துகொண்டது, எழுத்து மற்றதைத் தேர்ந்துகொண்டது. இரண்டும் செய்தது ஒரே காரியம்தான்: இரண்டு வழி இருந்த இடத்தில் ஒரு வழியை வைத்தன.

பேச்சுவழக்கு கெட்டுப்போனதால்தான் இப்படியெல்லாம் நடக்கிறது என்று நினைப்பவர்கள் "நான்" என்ற சொல்லின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். தொல்காப்பியம் தரும் தன்மைப் பெயர்கள் யான், யாம், நாம் ஆகிய மூன்றுதான். அங்கே நான் இல்லை. 13-ஆம் நூற்றாண்டு நன்னூலின் பட்டியலில் யானோடு நானும் இடம்பெற்றுவிட்டது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது?

யான் என்ற சொல் வாயில் தேய்ந்து நான் ஆகியிருக்கலாமே என்று தோன்றும். அதற்கும் சோதனை இருக்கிறது. யானை ஆனையானது, யாடு ஆடானது, யாறு ஆறானது, யாண்டு ஆண்டானது. சொல்லின் முதலில் வரும் யகரம் உதிர்ந்துபோவதே வழக்கம், நகரமாக மாறுவதில்லை. அந்த வழியில் யான் ஆகியிருக்க வேண்டியது ஆன். பழைய கன்னடத்தில் அந்த வடிவம்தான் இருந்தது. எனவே நான் வேறு வாசல் வழியாக வந்திருக்க வேண்டும்.

திராவிட மொழியியலாளர் பலர் தரும் விளக்கம் இது. யாம் என்பது கேட்பவரை விலக்கிய பன்மை, அதற்கு ஒருமை யான். நாம் என்பது கேட்பவரையும் சேர்த்துக்கொண்ட பன்மை. "நீயும் நானும்" என்று இருவராவது வேண்டியிருப்பதால் அதற்கு ஒருமையே கிடையாது. இலக்கண அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது. அருகிலேயே தாம், தான் என்ற இணை இருந்தது. யாம், யான் என்ற இணையும் இருந்தது.

தாம் : தான் = நாம் : ?

காலியாக இருந்த கட்டத்தில் நான் வந்து உட்கார்ந்தது, பிறகு பழைய யானையே வெளியேற்றிவிட்டது. "நான்" என்று ஒருவர் தம்மைக் குறிக்கும் அந்தச் சொல், "நாம்" என்பதிலிருந்து பிறந்தது. தனிமனிதனைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்த கணக்கு இது.

ஆனால் கணக்கு அங்கேயே நின்றுவிட்டது. தான் வேற்றுமை ஏற்கும்போது தன் ஆகிறது, நாம் நம் ஆகிறது. அதே முறைப்படி நான் நன் ஆகியிருக்க வேண்டும். தமிழில் அப்படி நடக்கவில்லை. நான், என்னை, எனக்கு, எனது என்று, யான் காலத்து என் அப்படியே நிற்கிறது. எழுவாய்க்குப் புது வேர், மற்ற வேற்றுமைகளுக்குப் பழைய வேர். நாங்கள், எங்கள் என்பதிலும் இதே ஒட்டு தெரியும்.

கன்னடம் அந்த ஒட்டையும் விட்டுவைக்கவில்லை. பசவண்ணரின் 12-ஆம் நூற்றாண்டு வசனங்களில் "என்ன" என்று வருவது நம் "என்" போன்ற பழைய வடிவம். இன்றைய கன்னடத்தில் நான் "நானு", என் "நன்ன", எனக்கு "நனகெ". ஒரே சொல்லின் வெவ்வேறு வடிவங்களுக்குள் இருந்த மேடுபள்ளத்தை நிரவிவிட்டார்கள். இது ஒப்புமையின் இரண்டாவது வகை, இதைச் சமனாக்கம் என்போம். நீட்சி ஒரு வடிவத்தைச் சொல்லிலிருந்து சொல்லுக்குக் கொண்டுபோகிறது. சமனாக்கம் ஒரு சொல்லின் குடும்பத்துக்குள்ளேயே வேற்றுமையை அழிக்கிறது.

தமிழும் சமனாக்கத்துக்கு விலக்கு இல்லை. நான் அல்லேன், நீ அல்லை, அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல என்று ஒருகாலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி முடிவு இருந்தது. இன்று அஃறிணைப் பன்மைக்கு உரிய அல்ல ஒன்றே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. "அது அன்று" என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அதை முயன்று நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அல்லள் அழிந்தபோது என் எப்படித் தப்பியது? இதற்கு மொழியியலாளர்கள் முதலில் சுட்டுவது பயன்பாட்டின் அளவை. அரிதாகக் கேட்கும் வடிவத்தை நினைவு வைத்திருப்பதைவிடக் கணக்குப் போட்டு உருவாக்குவது எளிது. எனக்கு, என் என்பவற்றைக் குழந்தை பேசத் தொடங்கிய நாளிலிருந்தே ஓயாமல் கேட்கிறது. கணக்குப் போடும் முன்பே அந்தச் சொல் நாக்குக்கு வந்துவிடுகிறது. என்றாலும் இது ஒரு சாய்வுதானே தவிர, சட்டமாகாது. கன்னடக் குழந்தையும் "என்ன" என்பதை ஓயாமல் கேட்டுத்தான் இருக்கும், ஆனாலும் அங்கே அது மறைந்தது. ஒப்புமை எந்தத் திசையில் போகும் என்று சொல்லலாம்; போயே தீருமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அமெரிக்க மொழியியலாளர் எட்கர் ஸ்டர்டெவன்ட் இந்த இழுபறியைச் சுருக்கமாகச் சொல்லிவைத்தார். ஒலி மாற்றம் ஒழுங்காக நடக்கிறது, ஆனால் ஒழுங்கின்மையை உண்டாக்குகிறது. ஒப்புமை ஒழுங்கில்லாமல் நடக்கிறது, ஆனால் ஒழுங்கை உண்டாக்குகிறது.

பூக்காரம்மாவின் பதிலில் இவை அத்தனையும் இருந்தன. "போச்சு" வாய் மாற்றியது. "வந்துச்சு" அதைப் பார்த்து மனம் ஆக்கியது. "வந்தது" பெயராக நின்றதால் தப்பியது. "நான்" நாமிலிருந்து பிறந்தது. "எனக்கு" யான் காலத்திலிருந்து இன்றுவரை அசையாமல் நிற்கிறது. அவர் சொல்லி முடித்தபோது அடுத்த பஸ்ஸும் வந்துச்சு.