புதிய கிளை திறக்கிறீர்களா? செய்திக்குறிப்பின் முதல் வரியில் என்ன இருக்கிறது?

“மக்களின் பேராதரவுடன் 25 ஆண்டுகளாக வெற்றிநடை போடும் எங்கள் நிறுவனத்தின் ஐந்தாவது கிளை, அனைவரின் நல்லாசியுடன் இனிதே திறக்கப்பட உள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

நாளிதழ் அலுவலகங்களுக்கு வரும் கிளை திறப்பு அறிவிப்புகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகின்றன. எந்த ஊர், என்ன தொழில், எந்தத் தேதி என்று எதுவும் இந்த வரியில் இல்லை. நிறுவனத்தின் மகிழ்ச்சி மட்டும் இருக்கிறது. மாவட்டப் பக்கத்தைக் கவனிக்கும் உதவி ஆசிரியர் இதைப் படித்ததும் விளம்பரப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது விளம்பரம். ஊர்க்காரர்களுக்கு எது மாறப்போகிறது என்பதுதான் செய்தி.

இந்த வேறுபாட்டுக்கு நூறாண்டு தாண்டிய முன்னுதாரணம் உண்டு. 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மின்சார ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பென்சில்வேனியா ரயில்வேக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ என்ற முன்னாள் பத்திரிகையாளர், நடந்ததை மறைக்காமல் அறிக்கையாக எழுதி நிருபர்களுக்குக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. நவீன செய்திக்குறிப்பின் தொடக்கம் என்று பலரும் குறிப்பிடுவது இந்த அறிக்கையைத்தான். நிருபர் தேடி அலைய வேண்டிய விவரம் அதில் தயாராக இருந்தது. கிளை திறப்பு சின்ன விஷயம்தான் என்றாலும் அதற்கும் இதுவே அளவுகோல்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தனியார் டயாலிசிஸ் மையம், மாவட்டத் தலைநகரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு தாலுகா ஊரில் கிளை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு இயந்திரங்கள். வாரத்தில் ஆறு நாள், காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை மூன்று ஷிப்ட். உரிமையாளருக்குப் பெருமை தருவது குளிரூட்டப்பட்ட கட்டடமும் வெளிநாட்டு இயந்திரமும். அந்த ஊரின் சிறுநீரக நோயாளிக்கோ கணக்கே வேறு. பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் சிகிச்சை. போக 40, வர 40 என்றால் வாரத்துக்கு 240 கிலோமீட்டர் பயணம். சிகிச்சை முடிந்து தளர்ந்துபோன உடம்போடு பேருந்தில் திரும்புகிறவருக்கு அந்த 240 கிலோமீட்டர் மிச்சமாகிறது. செய்தி அங்கேதான் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் ‘லீட்’ என்று சொல்லும் முதல் வரி அப்போது இப்படி அமையும்:

“டயாலிசிஸ் சிகிச்சைக்காக வாரம் மூன்று முறை 40 கி.மீ. பயணம் செய்துவந்த இந்தத் தாலுகாவின் சிறுநீரக நோயாளிகள், ஜூன் 15 முதல் உள்ளூரிலேயே சிகிச்சை பெறலாம்.”

யாருக்கு, என்ன, எங்கே, எப்போது என்ற நான்கும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிட்டன. நிறுவனத்தின் பெயர் இன்னும் வரவில்லை. அது இரண்டாவது வாக்கியத்தில் வந்தால் போதும். பெயரே முதலில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் உரிமையாளர்கள் உண்டு. ஊரறிந்த பெரிய நிறுவனமாக இருந்தாலொழிய அந்தப் பிடிவாதம் செய்தியைக் கெடுத்துவிடும்.

இந்த வரி அழகாக இருக்கிறது என்று அப்படியே அனுப்பிவிடவும் கூடாது. அதே ஊர் அரசு மருத்துவமனையில் ஏற்கெனவே டயாலிசிஸ் இயந்திரம் இருந்தால் முதல் வரியே பொய்யாகிவிடும். நிருபர் ஒரு தொலைபேசி அழைப்பில் கண்டுபிடித்துவிடுவார், அடுத்த முறை அந்த நிறுவனத்தின் குறிப்பைத் திறந்தும் பார்க்க மாட்டார். “மாவட்டத்திலேயே முதன்முறையாக” என்ற சொற்றொடர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் இந்த ஆபத்து இருக்கிறது. அரசு மருத்துவமனையில் வசதி இருந்தால் செய்தி வேறு இடத்துக்கு நகர்கிறது. அங்கே மாலை ஷிப்ட் இல்லை, இங்கே இருக்கிறது என்றால், வேலைக்குப் போகும் நோயாளிகள் பணி முடிந்து வந்து சிகிச்சை பெறலாம் என்பது லீட் ஆகும். அதுவும் இல்லையென்றால் பக்கத்து அறிவிப்புப் பகுதியில் மூன்று வரி வந்தாலே போதும் என்று நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் வரிக்குப் பிறகு வருவது, வாசகர் கேட்கும் வரிசையில் வர வேண்டும். எத்தனை பேருக்கு இடம் என்பது முதல் கேள்வி. ஆறு இயந்திரம், மூன்று ஷிப்ட், ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 108 முறை; ஒருவருக்கு மூன்று முறை வீதம் 36 நோயாளிகள். இந்த எண்ணை நிறுவனமே சொல்லிவிட வேண்டும். அடுத்தது கட்டணம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஏற்கப்படுமா என்ற விவரம். அனுமதி இன்னும் கிடைக்கவில்லை என்றால் “விண்ணப்பித்திருக்கிறோம்” என்று உள்ளபடி எழுத வேண்டும். குத்துவிளக்கு ஏற்றியவர், ரிப்பன் வெட்டியவர், முன்னிலை வகித்தவர் பட்டியல் கடைசிப் பத்தியில் வரட்டும். பக்கத்தில் இடம் போதாதபோது செய்தி அடியிலிருந்துதான் வெட்டப்படும்.

தேதி எழுதுவதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. “நாளை திறப்பு விழா” என்று எழுதி அனுப்பினால், மறுநாள் பேப்பரில் அது தவறான நாளைக் காட்டும். கிழமையும் தேதியும் பொருந்தாமல் போவது மற்றொன்று. அதைப் பார்த்த உதவி ஆசிரியருக்கு மற்ற விவரங்கள்மீதும் சந்தேகம் வந்துவிடும்.

தொடர்பு விவரத்தை ஒப்புக்குச் சேர்ப்பவர்களே அதிகம். உண்மையில் அங்கே இரண்டு தனித்தனி எண்கள் வேண்டும். ஒன்று பொதுமக்களுக்கு. முகவரி, “பழைய பேருந்து நிலையம் எதிரில்” என்பது போன்ற அடையாளம், வேலை நேரம், முன்பதிவு எண் ஆகியவை செய்தியின் உள்ளேயே வர வேண்டும். மற்றது நிருபருக்கு. குறிப்பு முடிந்த பிறகு, கோடு போட்டு, “பத்திரிகையாளர்கள் தொடர்புக்கு மட்டும், பிரசுரத்துக்கு அல்ல” என்ற தலைப்பில் ஒருவரின் பெயர், பொறுப்பு, கைபேசி எண், மின்னஞ்சல். இந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் மேலாளரின் சொந்த எண் அச்சாகி, விடிகாலையிலிருந்து அவருக்கு நோயாளிகளின் அழைப்புகள் வரும். நிருபருக்குக் கொடுக்கும் எண்ணுக்குரியவர் இரவு 9 மணி வரை எடுத்துப் பேசக்கூடியவராகவும், கட்டணம் முதல் காப்பீடு வரை பதில் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். பக்கம் முடிகிற நேரத்தில்தான் சந்தேகம் கேட்டு அழைப்பு வரும். அப்போது “சாரிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்று பதில் வந்தால் அந்த இடத்துக்கு வேறு செய்தி போய்விடும்.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தால் எழுத்துகள் உருமாறிவிடும். லெட்டர்பேடைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாராவது முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், அதில் தொலைபேசி எண் பிழையாகலாம். யூனிகோடில் தட்டச்சு செய்து மின்னஞ்சலின் உள்ளேயே ஒட்டி அனுப்புவது இரண்டையும் தவிர்க்கும். புகைப்படத்தை இணைப்பாகவோ, வாட்ஸ்அப் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆகவோ அனுப்பினால் தரம் குறையாது. படத்தில் இருப்பவர்களின் பெயரும் பொறுப்பும் இடமிருந்து வலமாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அனுப்பும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. குறிப்பில் அச்சிட்ட எண்களை, குறிப்பைப் பார்த்தே வேறொருவரின் கைபேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள். புதிய கிளையின் இணைப்பு இன்னும் உயிர்பெறாமல் இருந்தால், அது கிடைக்கும்வரை தலைமை அலுவலக எண்ணைக் கொடுங்கள்.