புது டயர் ஏன் இழுக்கிறது?

என் மைத்துனர் தன் சிறிய காருக்கு நான்கு டயர்களையும் ஒரே நாளில் மாற்றினார். மறுவாரம் மதுரையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பியவர், கொட்டாம்பட்டி தாண்டுவதற்குள் என்னை அழைத்துவிட்டார். ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்தினால் வண்டி இடது பக்கம் போகிறது. 85 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது, 100ஐ நெருங்கும்போது அடங்கிவிடுகிறது. பழைய வழுக்கை டயரில் இரண்டுமே இல்லை.

டயர் மாற்றிய கடையில் அலைன்மெண்ட் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பேலன்சிங் பார்த்தார்கள், நான்கு சக்கரத்துக்கும் திரையில் பூஜ்யம் வந்தது. "ரோடு சரிவு சார், அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிலில் ஓரளவு உண்மை உண்டு. மழைநீர் வடிவதற்காகச் சாலையை ஓரம் நோக்கிச் சரித்தே போடுகிறார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுவதால் எந்த வண்டியும் இலேசாக இடதுபுறம் ஒதுங்கும். ஆனால் இவருடைய வண்டி சமதளமான காலி மைதானத்திலும் இடதுபுறமே போனது. காற்றழுத்தம் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. பிரேக் எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மிச்சமிருந்தது, யாரும் சந்தேகப்படாத புது டயர்தான்.

ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது, அடிப்பக்கம், அதாவது குறுகிய பக்கம் எதுவோ அந்தப் பக்கமாக வளைந்து போகும். முன்னால் உருட்டினாலும் பின்னால் உருட்டினாலும் குறுகிய பக்கம்தான். சில டயர்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் இப்படிக் கூம்பாக இருக்கும். தொழிலில் இதைக் கோனிசிட்டி என்பார்கள்.

ரேடியல் டயரின் மேல்தோலுக்கு அடியில், சுற்றிலும் ஒட்டியாணம் போல எஃகுக் கம்பிப் பட்டைகள் ஓடுகின்றன. பச்சை ரப்பராக இருக்கும் டயரின்மீது அந்தப் பட்டையை ஒட்டும்போது அது நட்டநடுவில் உட்கார வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டாலும், பட்டை கூடுதலாக இருக்கும் பக்கம் விறைப்பாகிவிடும். மறுபக்கம் காற்றடிக்கும்போது கொஞ்சம் அதிகமாக உப்பும். டம்ளர் உருவாகிவிட்டது. டேப் வைத்து அளந்தால் பிடிபடாது. வண்டியின் எடை ஏறி உருளும்போதுதான் அது பக்கவாட்டில் தள்ளும்.

தொழிற்சாலைகளில் இதைச் சோதிக்கும் இயந்திரம் உண்டு. டயரை ஓர் உருளையின்மீது அழுத்தி, முதலில் ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் மெதுவாகச் சுற்றவிட்டு, பக்கவாட்டு விசையை அளக்கிறார்கள். சுழலும் திசை மாறியும் டயரின் எந்தப் பக்கம் தள்ளல் மாறாமல் நிற்கிறதோ, அதுதான் கோனிசிட்டி. வரம்புக்கு மேல் போன டயரை ஒதுக்கிவிடுவார்கள். வரம்புக்குள் இருந்தாலும் அது பூஜ்யம் என்று அர்த்தமில்லை. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்பக்கத்து இரண்டு டயர்களும் ஒரே அளவுக்கு வெளிப்பக்கம் தள்ளினால், ஒன்றை மற்றது சமன்செய்துவிடும். ஓட்டுபவருக்கு எதுவுமே தெரியாது. இடது டயர் வெளிப்பக்கமாக 5 கிலோவும் வலது டயர் 1 கிலோவும் தள்ளினால், மிச்சம் 4 கிலோ வண்டியை இடதுபுறம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே தொந்தரவு தருவது இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.

இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டாம், ஜாக்கி போதும். இரண்டாவதாகப் போன பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் அலைன்மெண்ட் மேடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்" என்றார். வண்டி இப்போது வலது பக்கம் இழுத்தது. குற்றவாளி டயர்தான் என்று அதோடு தெரிந்துவிட்டது. கோளாறு வண்டியில் இருந்திருந்தால் சக்கரத்தை மாற்றிய பிறகும் இடதுபுறமே இழுத்திருக்கும். அந்த டயரை வலது பக்கத்திலேயே பின்னால் தள்ளி, பின்னால் இருந்ததை முன்னால் கொண்டுவந்தார். இழுவை நின்றது. பின்சக்கரம் பக்கவாட்டில் தள்ளினால் வண்டி மயிரிழை கோணலாகப் போகுமே தவிர, ஸ்டியரிங்கில் தெரியாது. சுழல வேண்டிய திசையை அம்புக்குறியால் காட்டும் டயர்களை மட்டும் இப்படி இடவலமாக மாற்றக் கூடாது. முன்பின்னாக மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

நடுக்கம் மட்டும் மிச்சமிருந்தது. பேலன்சிங் மெஷின் பூஜ்யம் காட்டியதே, பிறகு எப்படி? அந்த மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுழற்றுகிறது. எடை எங்கே கூடுதல் என்பதை மட்டும் சொல்கிறது. சாலையில் டயர் வண்டியின் பாரத்தைத் தாங்கி நசுங்கி உருள்கிறது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டும் இடத்தில் டயர் விறைப்பாக இருக்கலாம். இன்னோர் இடத்தில் இளகியிருக்கலாம். விறைப்பான இடம் தரையைத் தொடும்போதெல்லாம் சக்கரத்தை மேலே உந்தும். சுற்றுக்குள் விசை இப்படி ஏறி இறங்குவதைத்தான் ரேடியல் ஃபோர்ஸ் வேரியேஷன் என்கிறார்கள். சக்கரத்தில் எத்தனை ஈயக்கட்டி அடித்தாலும் விறைப்பு மாறாது.

அது ஏன் 85க்கு மேல் மட்டும்? 14 அங்குல ரிம்மில் ஏறும் இந்த டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் ஓடும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர், அதாவது நொடிக்குச் சுமார் 14 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உந்தல். காரின் சக்கரமும் அச்சும் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே தாமாகத் துள்ளும் வேகமும் நொடிக்குப் பத்து முதல் பதினைந்து வரைதான். ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளுவது போல, இரண்டும் ஒன்றுசேரும் வேகத்தில் சின்ன உந்தல் பெரிய ஆட்டமாகிவிடுகிறது. அதைத் தாண்டினால் தாளம் தப்பி, ஆட்டம் குறைந்துவிடும்.

இதற்கு ரோடு ஃபோர்ஸ் பேலன்சர் வேண்டும். பார்க்கச் சாதாரண பேலன்சர் போலவே இருக்கும். கூடுதலாக ஓர் உருளை, சாலையைப் போல டயரை அழுத்தும். எல்லாக் கடைகளிலும் கிடையாது, நாங்களும் தேடித்தான் போனோம். நடுக்கம் தந்த முன்சக்கரம் அதில் 15 கிலோ காட்டியது. சிறிய காருக்குப் பத்துப் பன்னிரண்டுக்குக் கீழே இருப்பது நல்லது. டயரைக் கழற்றி ரிம்மை மட்டும் அளந்தபோது, அது 0.2 மில்லிமீட்டர் வட்டம் தப்பியிருந்தது. இந்த அளவு டயர் ஒரு மில்லிமீட்டர் நசுங்க ஏறக்குறைய 20 கிலோ வேண்டும் என்பதால், ரிம்மின் பங்கு 4 கிலோ. மீதி 11 கிலோ டயருடையது. ரிம்மின் மேடும் டயரின் விறைப்பும் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டதுதான் வினை. டயரை ரிம்மில் அரைச்சுற்றுத் திருப்பி ஏற்றினார்கள். இப்போது ஒன்றை ஒன்று கழித்து 7 கிலோ. நடுக்கம் போய்விட்டது. டயரே 20 கிலோ காட்டியிருந்தால் எப்படித் திருப்பினாலும் பயனில்லை. அளவுச் சீட்டை வைத்து வாரண்டி கேட்பதுதான் வழி.

சில புது டயர்களின் பக்கச்சுவரில் இருக்கும் சிவப்புப் புள்ளி இதற்காகத்தான். அது அந்த விறைப்பான உச்சத்தைக் காட்டுகிறது. ரிம்மின் தாழ்ந்த இடத்துக்கு அடையாளம் இருந்தால் அதோடு சேர்த்துப் பொருத்த வேண்டும். மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைப்பார்கள். புள்ளிகளைப் பார்க்காமல் டயரை ஏற்றிவிட்டு, மெஷினில் பூஜ்யம் வருகிறதா என்று மட்டும் பார்க்கும் கடைகளே அதிகம் என்பது என் வருத்தம்.

கூம்பு டயர் இன்னமும் வலது பின்சக்கரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை டயர்களை இடம் மாற்றும்போது அது முன்னால் வரும், இழுவையும் திரும்ப வரும். அதனால் அந்த மெக்கானிக் டயரின் உள்பக்கச் சுவரில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு, சர்வீஸ் புத்தகத்திலும் எழுதிக் கொடுத்தார்: "கோடு போட்ட டயர் பின்னாடியே இருக்கணும்."