பேச்சு திரும்பும் இடம்

முக்கால் மணி நேர பாட்காஸ்ட் ஒன்றில் கருப்பட்டி காய்ச்சும் முறையை விளக்கும் பகுதி மட்டும் வேண்டும் என்றால் என்ன செய்வோம்? செல்போன் திரையில் உள்ள கோட்டை விரலால் முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்போம். நாலைந்து முறை இழுத்தும் கிடைக்காவிட்டால் விட்டுவிடுவோம். இதற்காகத்தான் நிகழ்ச்சிகளை அத்தியாயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் நேரம், சிறு தலைப்பு, ஓரிரு வரிக் குறிப்பு என்று கொடுக்கிறார்கள். கேட்பவர் பட்டியலைப் பார்த்து, வேண்டிய வரியைத் தட்டினால் அந்த இடத்திலிருந்து பேச்சு ஓடும்.

இந்தப் பட்டியலைத் தயாரிப்பவர் கையில் இருப்பது நிகழ்ச்சியின் எழுத்து வடிவம்: யார் எந்த நிமிடத்தில் என்ன பேசினார் என்பது வரிவரியாக. நாற்பத்தைந்து நிமிடப் பேச்சு நாலாயிரம், ஐயாயிரம் சொற்கள் வரும். அதைப் பத்துத் தலைப்புகளுக்குள் கொண்டுவர வேண்டும். நேரத்தைச் சரிசமமாகப் பங்கிட்டால் வேலை கெட்டுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வெட்டு என்று போனால் பாதி வெட்டுகள் ஒரு வாக்கியத்தின் நடுவில் விழும். பேச்சு எங்கே திரும்புகிறதோ அங்கேதான் வெட்ட வேண்டும். ஆனால் மனிதர்கள் பேசும்போது அந்தத் திருப்பம் பளிச்சென்று தெரிவதில்லை.

கற்பனையாக ஒரு நிகழ்ச்சியை வைத்துக்கொள்வோம். தூத்துக்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவரிடம் பாட்காஸ்ட் நடத்துபவர் பேசுகிறார். பேச்சு நாற்பத்தாறு நிமிடம். எழுத்து வடிவத்தை முதல்முறை படிக்கும்போது எங்கும் வெட்டக்கூடாது. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் இரண்டு மூன்று சொற்களில் அது எதைப் பற்றியது என்று மட்டும் எழுதிக்கொண்டே போக வேண்டும்: 'முதல்முதலாக ஏறியது', 'பாளை சீவுதல்', 'இடுக்கி', 'அப்பா விழுந்தது', 'தளைநார்', 'வியாபாரி', 'முன்பணம்' என்று. நாற்பது குறிப்புகள் தேறும். பிறகு குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழே பார்த்தால், எவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, எங்கே இடைவெளி விழுகிறது என்பது கண்ணில் படும்.

மேலே உள்ள குறிப்புகளில் 'அப்பா விழுந்தது' என்பதைக் கவனியுங்கள். கருவிகளை விளக்கிக்கொண்டிருந்தவர் 9-வது நிமிடத்தில், "அப்புறம், எங்க அப்பா மரத்துலருந்து விழுந்தாக" என்று ஆரம்பித்து இரண்டு நிமிடம் அதையே சொல்கிறார். 'அப்புறம்' என்ற சொல்லும் இருக்கிறது, மனதைத் தொடும் கதையும் இருக்கிறது. தனி அத்தியாயம் போடலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் அந்தக் கதை எப்படி முடிகிறது? "அதுலருந்துதான், தளைநாரைத் தெனமும் இழுத்துப் பாத்துட்டுத்தான் கால்ல மாட்டுவேன்." கதை கருவியிலிருந்து புறப்பட்டுக் கருவிக்கே வந்து சேர்ந்துவிட்டது. அதைத் தனியாக வெட்டினால் தளைநாரைப் பற்றிய பேச்சு இரண்டு துண்டாகி, இரண்டும் ஊனமாக நிற்கும். அது கருவிகள் அத்தியாயத்துக்குள்ளேயே இருக்கட்டும். குறிப்பில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிளம்பிய இடத்துக்கே பேச்சு திரும்பி வந்தால் அது கிளைக்கதை, வராவிட்டால் புதிய அத்தியாயம். இந்த வேலையில் எனக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் தெரியாது. 'அப்புறம்', 'சரி', 'இன்னொரு விஷயம்' போன்ற சொற்கள் துப்பு கொடுக்கும், தீர்ப்பு சொல்லாது.

அடுத்த சிக்கல் கேள்வி. கேட்பவர் புதிய கேள்வி போடும் இடமே புதிய அத்தியாயம் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். அப்போதும் வெட்டுக் கேள்விக்கு முன்னால் விழ வேண்டும், பதிலுக்கு முன்னால் அல்ல. கேள்வி இல்லாமல் பதில் மட்டும் கேட்டால் ஒன்றும் விளங்காது. ஆனால் நல்ல பேச்சாளர்கள் கேள்விக்குக் காத்திருப்பதில்லை. நம் நிகழ்ச்சியில் 14:05-ல் "அந்த வியாபாரி என்ன விலை கொடுக்கிறார் அண்ணே?" என்று கேள்வி வருகிறது. இங்கே வெட்டினால் கேட்பவர், 'எந்த வியாபாரி?' என்று விழிப்பார். கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தால் 13:38-லேயே பனையேறி, "இம்புட்டுப் பாடுபட்டும் வியாபாரி சொல்றதுதான் விலை" என்று தானாகத் திரும்பிவிட்டிருக்கிறார். அத்தியாயம் தொடங்க வேண்டிய இடம் அதுதான். கேள்வியில் 'அந்த', 'நீங்கள் சொன்ன மாதிரி' போன்ற சொற்கள் இருந்தால், திருப்பம் முன்னாலேயே நடந்துவிட்டது என்று புரிந்துகொண்டு மேலே தேட வேண்டும்.

இப்போது வரிசைக்கு வருவோம். விலையைப் பற்றி 13:38-ல் பேசியவர், கருப்பட்டி, மரங்கள் அழிந்த கதை எல்லாம் சொல்லிவிட்டு 33:50-ல் மறுபடியும் விலைக்கு வருகிறார். இரண்டையும் 'விலை' என்ற ஒரே தலைப்பின்கீழ் சேர்த்தால் பட்டியல் அழகாக இருக்குமே என்று தோன்றும். கட்டுரை எழுதுபவர் அப்படிச் செய்யலாம். அத்தியாயம் பிரிப்பவர் செய்யக்கூடாது. அவர் தயாரிப்பது ஓடும் ஒலிக்கான வழிகாட்டி. ஒலியில் 33-வது நிமிடம் 14-வது நிமிடத்துக்குப் பக்கத்தில் வராது. யூடியூபிலும் இதற்கு விதி இருக்கிறது: முதல் நேரம் 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் வேண்டும், அவை ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு அத்தியாயமும் 10 நொடிக்குக் குறையக்கூடாது.

விதியைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. இரண்டாம் முறை பேசும்போது அவர் அதே விஷயத்தைச் சொல்வதில்லை. முதலில் சொன்னது வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தால் விலை கேட்க முடியாமல் போனதை. பின்னால் சொல்வது, சங்கம் வைத்து நேரடியாக விற்றுப் பார்த்ததை. நடுவில் மரங்கள் அழிந்த கதை வந்ததால்தான் சங்கத்தின் பேச்சே எழுகிறது. சேர்த்துவிட்டால் இந்தக் காரண காரியத் தொடர்பு அறுந்துபோகும். ஆகவே இரண்டு அத்தியாயம், இரண்டு வேறு தலைப்பு. நம் பட்டியல் இப்படி வரும்:

```
00:00 முன்னோட்டம், அறிமுகம்
01:25 மரமேறக் கற்ற வயது
06:40 பாளை சீவும் முறை, கருவிகள்
13:38 பதநீர் விலை: முன்பணச் சுமை
19:30 கருப்பட்டி காய்ச்சுதல்
27:15 பனைகள் குறைந்தது ஏன்
33:50 பதநீர் விலை: சங்கம் வைத்து விற்றது
39:10 பிள்ளைகள் மரமேறுவார்களா
44:20 நிறைவு
```

தலைப்பு நாலைந்து சொல்லுக்குள் அடங்கினால் நல்லது. செல்போன் திரையில் அதற்கு மேல் போனால் பாதியில் வெட்டுப்படும். எனவே வேறுபடுத்திக் காட்டும் சொல் கூடியவரை முன்னால் வரவேண்டும். 'சுவையான அனுபவங்கள்' என்ற தலைப்பு எந்த அத்தியாயத்துக்கும் பொருந்தும். அதனாலேயே எதற்கும் உதவாது. 'கண்கலங்க வைத்த அந்த நிமிடம்' என்பது ஆளை இழுக்கும் தந்திரம். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

குறிப்பு எழுதும்போது தலைப்பையே நீட்டி எழுதினால் வீண். தலைப்பில் வராத ஒரு தகவலை அது தர வேண்டும். கருப்பட்டி அத்தியாயத்துக்கு இப்படி எழுதலாம்: 'சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றும் வரை உள்ள வேலையைப் பனையேறியின் மனைவி விளக்குகிறார். நுரை பொங்காமல் இருக்க ஆமணக்கு விதையைப் பொடித்துப் போடுவதையும் சொல்கிறார்.' இங்கே பேசியவர் மனைவி என்பது முக்கியம். கணினி தானாக எழுதித் தந்த வடிவத்தில் இரண்டு குரலும் ஒன்றாகக் கலந்திருக்கக்கூடும். எழுத்தை மட்டும் நம்பினால் அந்த அம்மா சொன்னதெல்லாம் கணவர் கணக்கில் போய்விடும். ஒலியைக் கேட்டுத்தான் தீர வேண்டும்.

அதேபோல, பேசியவரின் கருத்தைக் குறிப்பு எழுதுபவர் தன் கருத்தாக ஆக்கிவிடக்கூடாது. 'செங்கல் சூளைகளால் பனைகள் அழிந்தன' என்று எழுதினால் அது நிகழ்ச்சியே சொல்லும் தீர்ப்பு. 'செங்கல் சூளைகளுக்காக வெட்டியதே முதல் காரணம் என்கிறார்' என்றால் அவர் சொன்னது அவரிடமே நிற்கும். அந்த 'என்கிறார்' சில எழுத்துகள்தான், ஆனாலும் அதை விடவே கூடாது.

முதல் வரியில் 'முன்னோட்டம்' என்று போட்டிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. பல நிகழ்ச்சிகள் தொடங்கும்போதே, பின்னால் வரும் சூடான ஒரு பேச்சை வெட்டி முன்னால் ஒட்டுகிறார்கள். எழுத்து வடிவத்தில் அதே வாக்கியம் 00:10-லும் 40-வது நிமிடத்திலும் வரும். பிள்ளைகளைப் பற்றிய பேச்சு முதல் நிமிடத்திலேயே நடந்துவிட்டதாக எண்ணி அங்கே அந்தத் தலைப்பைப் போட்டால், தட்டியவருக்கு இருபது நொடியில் இசை கேட்கும். ஒரே வாக்கியம் இரண்டு இடத்தில் எழுத்துப் பிசகாமல் வந்தால் முதலாவது ஒட்டு என்று சந்தேகிக்கலாம்.

தானாக எழுதப்பட்ட தமிழில் ல, ள, ழ குழம்பும். 'பாளை' என்பது 'பாலை' என்று விழுந்திருந்தால், அது தலைப்புவரை போய்விடும். பிறகு 'பாளை' என்று தேடுகிறவருக்கு அந்த அத்தியாயம் அகப்படாது. எழுத்து வடிவம் முழுவதையும் திருத்த நேரமில்லாவிட்டாலும், தலைப்பிலும் குறிப்பிலும் எடுத்தாளும் சொற்களையாவது ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, நேரம். பட்டியலைத் தயாரித்த கோப்பும் கேட்பவர் கையில் ஓடும் கோப்பும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பாட்காஸ்ட் தளங்கள் சில, கேட்பவரைப் பொறுத்து விளம்பரத்தை இடையில் செருகுகின்றன. தொடக்கத்தில் முப்பது நொடி விளம்பரம் நுழைந்தால், விவரப் பகுதியில் கையால் எழுதிய நேரங்கள் எல்லாம் முப்பது நொடி பிந்தாமல் அப்படியே நிற்கும். 19:30-ஐத் தட்டியவருக்குக் கருப்பட்டிக்குப் பதில் விலைப் பேச்சின் கடைசி அரை நிமிடம் கேட்கும். எல்லா அத்தியாயமும் ஒரே அளவு தள்ளியிருந்தால் காரணம் முன்னால் நுழைந்த விளம்பரம். நடுவிலிருந்து மட்டும் தள்ளியிருந்தால் விளம்பரம் நடுவில் நுழைந்திருக்கிறது. ஒன்று மட்டும் பிசகியிருந்தால் தவறு பட்டியல் போட்டவருடையது.

ஆகவே பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நிகழ்ச்சி வெளியான பிறகு, கேட்பவர் பயன்படுத்தும் அதே செயலியில் எல்லா நேரங்களையும் ஒருமுறை தட்டி, ஒவ்வொன்றிலும் முதல் பத்து நொடியைக் கேளுங்கள். ஒன்பது அத்தியாயத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.