கடிகாரத்தைக் குறைத்தால் பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும்?

மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருக்கும் லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள், கடிகாரம் துடிக்கும்போதுதான் பெரும்பாலும் மின்சாரத்தைச் செலவிடுகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே இருக்கும் நுண்ணிய மின்தேக்கங்கள் நிரம்பிக் காலியாகின்றன. ஆகவே செலவு துடிப்பின் வேகத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். மின்னழுத்தத்தைப் பொறுத்து அது இருமடிப் பெருக்கமாக மாறும். துடிப்பு எட்டாத பகுதியில் மிகச் சொற்பமான கசிவு மட்டுமே மிஞ்சும். கடிகாரத்தின் வேகத்தைக் குறைப்பது, வேலையில்லாத பகுதிகளுக்குக் கடிகாரம் போகாமல் தடுப்பது என்ற இரண்டு வழிகளும் இதிலிருந்தே வருகின்றன.

மாணவர்களும் பொழுதுபோக்காகச் சுற்றுகள் செய்வோரும் அதிகம் கையாளும் எஸ்டிஎம்32எஃப்103 சில்லை எடுத்துக்கொள்ளலாம். இது 32 பிட் கார்டெக்ஸ்-எம்3 செயலி கொண்டது. அதிகபட்ச வேகம் 72 மெகாஹெர்ட்ஸ். தயாரிப்பாளரின் தரவுத்தாள்படி, இந்த வேகத்தில் எல்லாத் துணைச் சுற்றுகளுக்கும் கடிகாரம் போய்க்கொண்டிருந்தால், சில் சுமார் 36 மில்லிஆம்பியர் இழுக்கும். துணைச் சுற்றுகளை நிறுத்தினால் 27 ஆகும். வேகத்தை 8 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் சுமார் 4.6 போதும்.

துணைச் சுற்றுகள் என்றால் டைமர், சீரியல் போர்ட், அனலாக் அளவை எண்ணாக்கும் ஏடிசி போன்றவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரக் கதவு உண்டு. சில் ரீசெட் ஆனதும் இவற்றில் பெரும்பாலானவை மூடியே இருக்கும். நிரலர் திறந்தால்தான் திறக்கும். வீண் செலவு எப்படி வருகிறது என்றால், முன்மாதிரி நிரல்களும் நிரல் உருவாக்கும் கருவிகளும் தொடக்கத்தில் தாராளமாகத் திறந்துவிட்டவற்றை யாரும் மூடுவதில்லை. மூடுவது ஒரு பிட்டை அழிக்கும் வேலைதான். ஆனால் ஏடிசிக்கு வரிசை முக்கியம். அதன் அனலாக் பகுதி கடிகாரத்தை நம்பி இல்லை. கடிகாரம் போன பின்பும் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே முதலில் அதை அணைத்துவிட்டுத்தான் கதவை மூட வேண்டும்:

```c
ADC1->CR2 &= ~ADC_CR2_ADON;
RCC->APB2ENR &= ~RCC_APB2ENR_ADC1EN;
```

வரிசையை மாற்றினால் முதல் கட்டளை போய்ச் சேராது. கடிகாரம் இல்லாத துணைச் சுற்றின் ரெஜிஸ்டரைப் படித்தால் எப்போதும் சுழியமே வரும். அதனால் எல்லாம் அணைந்தது போலவே தோன்றும், மின்னோட்டம் மட்டும் குறையாது. எழுதிய மதிப்பு நிற்காமல் சுழியமாகவே தெரிந்தால், கதவு திறந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேகத்தைக் குறைப்பதில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. 72 மெகாஹெர்ட்ஸ் என்பது 8 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பை பிஎல்எல் என்னும் பெருக்கிச் சுற்று 9 மடங்காக்கித் தருவது. வெறும் வகுப்பானைக் கொண்டு வேகத்தை இறக்கினால் பிஎல்எல் பின்னால் ஓடிக்கொண்டே தன் பங்கை உண்ணும். சில்லுக்குள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றிக்கு மாறி, பிஎல்எல்லை நிறுத்துவதே முழுமையான வழி:

```c
RCC->CR |= RCC_CR_HSION;
while (!(RCC->CR & RCC_CR_HSIRDY));
RCC->CFGR &= ~RCC_CFGR_SW;
while (RCC->CFGR & RCC_CFGR_SWS);
RCC->CR &= ~RCC_CR_PLLON;
FLASH->ACR &= ~FLASH_ACR_LATENCY;
```

கடைசி வரி எல்லாவற்றுக்கும் பின்னால் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஃபிளாஷ் நினைவகம் 24 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே காத்திருப்பு இல்லாமல் ஈடுகொடுக்கும். 48-க்கு மேல் ஒவ்வொரு படிப்புக்கும் இரண்டு துடிப்பு காத்திருக்க வேண்டும். வேகத்தை இறக்கிய பிறகே காத்திருப்பைக் குறைக்கலாம். ஏற்றும்போது முதலில் காத்திருப்பைக் கூட்ட வேண்டும். இதை மாற்றிச் செய்தால் செயலி தவறான கட்டளைகளைப் படித்துத் திடீரென முடங்கும். சில பலகைகளில் சிக்கலின்றி ஓடி, வேறு சிலவற்றில் மட்டும் முடங்குவதால் பிழையைக் கண்டுபிடிப்பது பெரும் தலைவலி.

கடிகாரம் மாறியதும் அதை வைத்து நேரம் எண்ணும் எல்லாமே தடம் மாறும். 72 மெகாஹெர்ட்ஸில் 9600 பாட் வேகத்துக்கு சீரியல் போர்ட்டின் வகுப்பெண் 7500. அதே எண்ணோடு 8 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் வேகம் சுமார் 1067 பாட் ஆகிவிடும். திரையில் வருவதெல்லாம் குப்பை எழுத்துகள். ஒரு மில்லிசெகண்ட் என்று நினைத்த தாமதமும் 9 மில்லிசெகண்டாக நீளும். இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகப்பட வேறெதுவும் இல்லை.

இனி பலரும் தவறவிடும் கணக்கு. ஒரு வேலைக்கு 72 லட்சம் துடிப்புகள் தேவை என்று கொள்வோம். 72 மெகாஹெர்ட்ஸில் அது 0.1 விநாடியில் முடியும். 27 மில்லிஆம்பியரில் செலவாகும் மின்னூட்டம் 2.7 மில்லிகூலோம். 8 மெகாஹெர்ட்ஸில் 0.9 விநாடி ஆகும்; 4.6 மில்லிஆம்பியரில் செலவு 4.1 மில்லிகூலோம். மெதுவாகச் செய்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு செலவு! வேகம் எதுவானாலும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையான செலவு ஒன்று இருப்பதே காரணம். தவிர, இந்தச் சில்லின் உள்மின்னழுத்தம் 1.8 வோல்ட்டிலேயே நிற்பதால், மெதுவாக ஓடினாலும் ஒரு துடிப்பின் விலை குறைவதில்லை. வேகத்தோடு மின்னழுத்தத்தையும் இறக்கவல்ல எஸ்டிஎம்32எல்1 போன்ற வகைகளில் கணக்கு வேறு. ஃபிளாஷின் காத்திருப்பால் 72 மெகாஹெர்ட்ஸின் நடைமுறை ஆதாயம் இதைவிடச் சற்றுக் குறையும் என்பதும் உண்மை. ஆனாலும் கணக்குப்போடும் வேலை என்றால், வேகமாக முடித்துவிட்டுத் தூங்குவதே பொதுவாக லாபம். தூங்காமல் வெறும் சுழலில் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த லாபம் இல்லை.

காத்திருக்கும் வேலைக்கு இது பொருந்தாது. 10 விநாடிக்கு ஒருமுறை டிஎஸ்18பி20 சென்சாரில் வெப்பநிலை படித்து அனுப்பும் கருவி ஒன்றைப் பார்க்கலாம். சென்சார் ஓர் அளவீட்டுக்கு 750 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளும். அதனோடு பேசும் ஒற்றைக் கம்பி நெறிமுறையில் ஒவ்வொரு பிட்டுக்கும் நேரம் வரையறுக்கப்பட்டது. செயலி பறந்தாலும் அது விரைவுபடாது. இங்கே 72 மெகாஹெர்ட்ஸ் வெட்டிச் செலவு.

எல்லாம் திறந்தபடி முழு வேகத்தில் ஓடினால், 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 36 மில்லிஆம்பியரில் சுமார் 55 மணி நேரம் தாங்கும். கதவுகளை மூடி 8 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினாலே 18 நாள் வரை போகும். இரண்டு அளவீடுகளுக்கு நடுவிலும், சென்சாருக்காகக் காத்திருக்கும்போதும் சில்லை ஸ்டாப் நிலைக்கு அனுப்பி, ஆர்டிசி கடிகாரத்தால் எழுப்பினால் அது அப்போது இழுப்பது சுமார் 14 முதல் 24 மைக்ரோஆம்பியர்தான். விழித்திருக்கும் சில பத்து மில்லிசெகண்டுகளையும் சேர்த்தால், சில்லின் சராசரி 0.05 மில்லிஆம்பியரைக்கூட எட்டாது. அதற்குப் பிறகு பட்ஜெட்டில் பெரிய பங்கு, அளக்கும்போது சுமார் ஒரு மில்லிஆம்பியர் இழுக்கும் சென்சாருடையது.

ஸ்டாப்பிலிருந்து எழும்போது சில் எப்போதும் உள் அலையியற்றியிலேயே தொடங்கும். 72 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் நிரல் திரும்ப அமைக்க வேண்டும். படிகம் நிலைபெறவே சுமார் 2 மில்லிசெகண்ட் ஆகும் என்பதால், அதைவிடச் சிறிய வேலைக்காக வேகம் ஏற்றுவது பயனற்றது.

அளந்து பார்க்கும்போதுதான் கடைசி ஏமாற்றம் காத்திருக்கும். மீட்டர் மைக்ரோஆம்பியருக்குப் பதில் மில்லிஆம்பியர்களைக் காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது பிழைதேடும் கருவியை. அது இணைந்திருந்து, ஸ்டாப் நிலையிலும் கடிகாரத்தை ஓடவிடும்படி அமைத்திருக்கலாம். அதைக் கழற்றி மின்சாரத்தை ஒருமுறை துண்டித்துத் தரவேண்டும். அடுத்து, எங்கும் இணைக்காத முனைகள்: அவற்றின் மின்னழுத்தம் நடுவில் ஊசலாடி உள்ளீட்டுச் சுற்றை விழிக்கவைக்கும் என்பதால் அவற்றை அனலாக் நிலையில் வைக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் குறையவில்லை என்றால் சில்லின் மீது குற்றமில்லை. ஆயத்தப் பலகைகளில் எப்போதும் எரியும் பவர் எல்இடியும், ஓய்விலேயே சில மில்லிஆம்பியர் விழுங்கும் மலிவான ரெகுலேட்டரும்தான் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும்.