அனாமத்தில் நிற்கும் ஆயிரம் ரூபாய்

மார்ச் 31. ஒரு ஹார்டுவேர் கடையின் பேரேட்டிலிருந்து இருப்பாய்வு எடுக்கிறார்கள். பற்றுப் பக்கம் 7,86,400 ரூபாய், வரவுப் பக்கம் 7,85,400. ஆயிரம் ரூபாய் இடிக்கிறது. கணக்கை முடித்தாக வேண்டும். பிழையைத் தேட நேரமில்லை. அப்போது கணக்காளர் செய்வது, 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு கணக்கைத் திறந்து, குறைகிற பக்கத்தில், அதாவது வரவில், அந்த ஆயிரத்தை எழுதுவதுதான். இரண்டு பக்கமும் டேலி ஆகிவிடும். பிழை மட்டும் அப்படியே இருக்கும்.

சரியாக ஆயிரம் என்றதும், எங்கோ ஒரு கூட்டலில் கை தவறியிருக்கும் என்று தோன்றும். கணக்காளர்களிடம் வேறு இரண்டு சோதனைகளும் உண்டு. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். வித்தியாசத்தில் பாதித் தொகை ஏட்டில் எங்காவது இருந்தால், அது பக்கம் மாறி ஏறியிருக்கலாம். ஆனால் இவையெல்லாம் ஒரே ஒரு பிழை இருந்தால்தான் கைகொடுக்கும். இந்தக் கடையில் மூன்று இருந்தன.

ஏப்ரலில் முதலாவது அகப்பட்டது. தன் பெயரில் 900 ரூபாய் பாக்கி நிற்பதை வாடிக்கையாளர் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. ரசீதைப் பார்த்தால் அவர் கட்டியது 5,400. ரொக்க ஏட்டிலும் சரியாகவே இருந்தது. அவருடைய கணக்குக்கு எடுத்தெழுதும்போது 4,500 ஆகிவிட்டது. இதைத் திருத்த அழிப்பானைத் தொடக்கூடாது. குறிப்பேட்டில் புதிதாக ஒரு பதிவு எழுத வேண்டும்: அனாமத்துக் கணக்கு பற்று 900, வாடிக்கையாளர் கணக்கு வரவு 900. கீழே என்ன பிழை, எந்தத் தேதி, எந்த ரசீது என்று ஒரு வரி விளக்கம். அந்த வரி இல்லாத திருத்தத்தை நான் திருத்தமாகவே எண்ணமாட்டேன். ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே அது புரியாது.

அனாமத்தில் இப்போது மீதி 100. தேடல் முடியப்போகிறது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பெயின்ட் கம்பெனி தந்த கமிஷன் 350 ரூபாய், வரவில் ஏறுவதற்குப் பதில் கமிஷன் கணக்கின் பற்றில் ஏறியிருந்தது. வருமானக் கணக்கில் பற்றுப் பக்கம் தொகை இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். தவறாக ஏறிய 350-ஐ ரத்துசெய்ய ஒரு 350, சரியாக ஏற்ற இன்னொரு 350. ஆக, அனாமத்து பற்று 700, கமிஷன் வரவு 700. இப்போது அனாமத்து மறுபக்கம் சாய்ந்து, பற்றில் 600 நிற்கிறது.

அந்த 600 கிடங்கின் மின்கட்டணம். ரொக்க ஏட்டில் இருக்கிறது, மின்கட்டணக் கணக்கில் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கட்டும் கட்டணம் ஆண்டுக்கு ஆறு தடவை வந்திருக்க வேண்டும், ஐந்துதான் வந்திருந்தது. மின்கட்டணம் பற்று 600, அனாமத்து வரவு 600. கணக்கு நேராகிவிட்டது. ஆயிரம் ரூபாய்ப் பிழை என்று அங்கே எதுவுமே இருக்கவில்லை. 900-ம் 700-ம் ஒரு பக்கம், 600 எதிர்ப்பக்கம், அவ்வளவுதான்.

ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகு கண்டுபிடித்ததால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கமிஷனும் மின்கட்டணமும் போன ஆண்டுக்குரியவை. இந்த ஆண்டின் கணக்குகளில் அவற்றை ஏற்றினால் இந்த ஆண்டின் லாபம் கெடும். எனவே அந்த இரண்டு பதிவுகளிலும் கமிஷன், மின்கட்டணம் என்ற பெயர்களுக்குப் பதிலாக 'லாப நட்டச் சரிக்கட்டுக் கணக்கு' என்று எழுதி, மிஞ்சும் 100 ரூபாயை முதலாளியின் மூலதனத்தில் சேர்ப்பார்கள். வாடிக்கையாளரின் 900-க்கு இது தேவையில்லை. அது லாபத்தைத் தொடவில்லை.

அதே கடையில், ஆணி நிறுக்க வாங்கிய 8,000 ரூபாய்த் தராசு, விற்பனைச் சரக்கோடு சரக்காகக் கொள்முதலில் எழுதப்பட்டிருந்தது. பற்றும் வரவும் சமமாகவே ஏறியதால் இருப்பாய்வு இதைக் காட்டிக்கொடுக்காது. அனாமத்துக்கும் இதில் வேலையில்லை. ஆனால் நான்கு பிழைகளில் லாபத்தை அதிகம் குறைத்துக் காட்டியது இதுதான்.

டேலி போன்ற மென்பொருளில் பற்றும் வரவும் சமமில்லாமல் பதிவு ஏறாது. ஆனாலும் அனாமத்து ஒழியவில்லை. வங்கிக் கணக்கில் 18,000 ரூபாய் வந்திருக்கும், அனுப்பியவர் யாரென்று தெரியாது. வங்கி பற்று, அனாமத்து வரவு என்று எழுதிவைத்து, ஆள் தெரிந்ததும் அனாமத்தைப் பற்றுவைத்து அவர் கணக்கில் வரவு வைப்பார்கள். பழைய பதிவைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிவிடும் குறுக்குவழி பலருக்குப் பழக்கம். நிறுவனச் சட்டத்தின்கீழ் வரும் கம்பெனிகளில் அதுவும் மறையாது. 2023 ஏப்ரல் 1 முதல், எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற தடத்தைக் காக்கும் மென்பொருளையே அவை பயன்படுத்த வேண்டும்.

உங்கள் கடையின் இருப்புநிலைக் குறிப்பில் அனாமத்து என்று ஒரு வரி இருந்தால், தொகை சிறியதென்று விட்டுவிடாதீர்கள். அது எந்தெந்தப் பதிவுகளின் மீதி என்று கணக்காளரிடம் பட்டியல் கேளுங்கள்.