இருபதாம் தேதி கரண்ட் போனால்?

ஐந்து பேர் வேலை பார்க்கும் ஒரு கணக்கு அலுவலகம். வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால், வரி உள்ள படிவத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இந்த அலுவலகம் முதலில் காப்பாற்ற வேண்டியது இந்த ஒரு வேலையைத்தான். மற்றவை ஒரு நாள் காத்திருக்கும்.

மின்தடையைச் சமாளிப்பது எளிது. கம்ப்யூட்டருக்கு அடியில் இருக்கும் சின்ன யுபிஎஸ் பத்து, பதினைந்து நிமிடம்தான் தாங்கும். வேலையைச் சேமித்துவிட்டு அணைப்பதற்கு அது போதும். பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கொடுக்கும் நாளுக்கு இன்வெர்ட்டர் வேண்டும். 150 ஏஎச் பேட்டரி ஒன்றிலிருந்து நம்பி எடுக்கக்கூடியது சுமார் 1,000 வாட்-மணி. இரண்டு லேப்டாப், மோடம், ஒரு விளக்கு, ஒரு ஃபேன் சேர்ந்தால் 200 வாட். ஐந்து மணி நேரம் ஓடும். லேசர் பிரின்டரை மட்டும் அதில் செருகாதீர்கள். சூடாகும்போது அது இழுக்கும் மின்சாரத்தில் இன்வெர்ட்டரே நின்றுவிடும்.

டேலி கணக்குகளைத் தினமும் பென் டிரைவில் எடுக்கிறோம் என்பார்கள். அந்த பென் டிரைவ் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடக்கும். ரான்சம்வேர் புகுந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆகவே ஒரு பிரதி மேகச் சேமிப்பில், இன்னொன்று வேலை முடிந்ததும் கழற்றி முதலாளி வீட்டில். பிரதி நன்றாக இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, மாதம் ஒருமுறை அதை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, ஏதாவது ஒரு நிறுவனத்தின் டிரயல் பேலன்ஸை அசலோடு ஒப்பிடுவது. அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிப்பவர்கள்தான் பிறகு அழுகிறார்கள்.

இந்த மூன்றில் பலர் கவனிக்காதது ஆள் இல்லாமல் போவது. கணக்காளர் திடீரென ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் என்ன நிற்கும்? பாஸ்வேர்டு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஓடிபி. பல சிறு கடைகளுக்குப் பதிவு செய்தபோது உரிமையாளரின் எண்ணுக்குப் பதில் கணக்காளரின் சொந்த செல்பேசி எண்ணைக் கொடுத்திருப்பார்கள். படிவம் தயாராக இருந்தாலும், அந்த போன் அணைந்திருந்தால் ஓடிபி கையில் வராமல், தாக்கல் நின்றுபோகலாம். தளத்தில் உள்ளே போய் விண்ணப்பித்து, உரிமையாளரின் எண்ணாக மாற்றிவிடலாம். கணக்காளர் கூட இருக்கும்போதே செய்தால் சிரமம் இல்லை. நிறுவனங்களின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் யாருடையதோ அவரிடமே இருக்கட்டும். அது காலாவதியாகும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அடுத்த மாதம் 10ஆம் தேதி வாக்கில் கணக்காளருக்கு ஒரு நாள் விடுப்பு கொடுங்கள். அவருக்கு போன் செய்யாமல், ஒரு வாடிக்கையாளரின் படிவத்தை ஓடிபி வரை கொண்டுபோய்ப் பாருங்கள். எங்கே நிற்கிறீர்களோ, அதை அன்றைக்கே சரி செய்யுங்கள்.