பித்தளை மின்ன வேண்டுமா? தாளுக்கு ஒளி கொடுங்கள்

தீபாவளி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் குத்துவிளக்குகள் வரிசைகட்டி நிற்கும். கடைக்குப் போகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். கைத்தொலைபேசி வழி வாங்குகிறவர்களுக்குக் காணொளி மட்டுமே சாட்சி. கிள்ளானில் வீட்டிலிருந்தே பித்தளை விளக்கு விற்கும் என் தோழியின் அம்மாவிடம், "படத்தில் செம்பு மாதிரி இருந்தது, வந்தது வேறு நிறம்" என்று ஒருவர் விளக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். அனுப்பும் செலவு ஆன்ட்டியின் தலையில் விழுந்தது. அடுத்த காணொளியை எடுத்துத் தரும் பொறுப்பு எனக்கு வந்தது.

பளபளப்பான பித்தளை ஏறக்குறைய கண்ணாடி மாதிரி. தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் அது காட்டும். மின்விளக்கை நேராக அதன்மேல் அடித்தால், பல்பு ஒரு சிறு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மற்ற இடமெல்லாம் இருண்ட அறையைப் பிரதிபலித்துக் கறுத்துப்போகும். ஆகவே, பல்புக்கும் பித்தளைக்கும் நடுவே ஒரு தாளை நிறுத்தி, அந்தத் தாளை ஒளிரச் செய்ய வேண்டும். அப்போது பித்தளையில் தெரிவது பல்பு அல்ல, அகலமான வெள்ளைத் தாள்.

நான் பயன்படுத்தியவை இரண்டு மேசை விளக்குகள், இரண்டு 9 வாட் எல்இடி பல்புகள், கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள். துணி காயப்போடும் ஸ்டாண்டில் தாளை கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். குத்துவிளக்கிலிருந்து 20 சென்டிமீட்டரில் தாள், தாளுக்குப் பின்னால் 30 சென்டிமீட்டரில் பல்பு. பல்பு தாளை ஒட்டி இருந்தால் நடுப்பகுதி மட்டும் ஒளிரும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: பித்தளையில் வெள்ளை உருண்டை தெரிந்தால் பல்பைப் பின்னால் நகர்த்துங்கள், மென்மையான நீண்ட பட்டை தெரிந்தால் சரி. சூடேறும் பழைய ஹலோஜன் பல்பைத் தாளுக்கு அருகில் வைக்கவே கூடாது, தாள் கருகிவிடும்.

இரண்டாவது விளக்கு மறுபக்கம், அதற்கும் ஒரு தாள். ஆனால் அதை இரு மடங்கு தூரத்தில் வைத்தேன். இரு பக்கமும் ஒரே அளவு ஒளி விழுந்தால், உருண்டையான தண்டு தட்டையாகத் தெரியும். ஒரு பக்கம் சற்று மங்கினால்தான் உருட்சி புலப்படும்.

பின்னணிக்குப் பள்ளியில் நாம் பயன்படுத்திய வெள்ளை மாஜோங் தாள் போதும். சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசைமேல் இறக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் வரும். வெள்ளைப் பின்னணி விளக்கின் ஓரங்களிலும் பிரதிபலிப்பதால் விளிம்பு பின்னணியோடு கரைந்துவிடும். கறுப்பு மணிலா அட்டையை இரண்டு கீற்றாக வெட்டி, படத்துக்குள் வராதபடி இருபுறமும் நிறுத்தினேன். பென்சிலால் கோடு போட்டதுபோல் விளிம்பு எழுந்து நின்றது.

இனி நிறம். அறை விளக்கை அணைத்து, திரைச்சீலையை மூடுங்கள். இரு பல்புகளின் பெட்டியிலும் ஒரே எண் இருக்க வேண்டும். நான் வாங்கியவை 6500K. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்றால் பித்தளை பாதி செம்பாகத்தான் தெரியும். கைத்தொலைபேசியைத் தானாக நிறம் திருத்த விட்டால் அது பித்தளையின் மஞ்சளையே குறைக்கப் பார்க்கும். Pro முறை இருந்தால், WB அளவை வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை மாற்றி, அப்படியே விட்டுவிடுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால், நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பல மலிவான பல்புகள் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

காணொளி என்றால் அசைவு வேண்டும். ஆனால் கடைந்தெடுத்த தண்டைச் சுழற்றினாலும் பெரிய மாற்றம் தெரியாது. அதனால் குத்துவிளக்கையும் கைத்தொலைபேசியையும் அசைக்காமல், தாளுக்குப் பின்னால் இருந்த பல்பை மட்டும் ஆறு வினாடி மெதுவாக நகர்த்தினேன். ஒளிப்பட்டை தண்டின்மேல் வழுக்கிச் செல்ல, ஒவ்வொரு வளையமும் தனித்தனியாகத் தெரிந்தது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மலிவான பல்பில் சிவப்புச் சாயல் குறைந்து பித்தளை சற்றுப் பச்சையாகத் தெரியலாம். பெட்டியில் CRI 90 என்றிருந்தால் நல்லது. எடுத்து முடித்ததும் குத்துவிளக்கைச் சன்னல் ஓரம் கொண்டுபோய், திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆன்ட்டி அப்படித்தான் பார்த்தார். நிறம் பொருந்தியது, அடிப்பகுதியில் இருந்த சிறு கீறலும் திரையில் தெரிந்தது. அதை மறைக்க வேண்டாம், விலையில் ஐந்து வெள்ளி குறைத்துவிடலாம் என்றார்.